நெடுநல்வாடையின் மேற்கட்டி வானம்

நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேலே கட்டப்பெற்ற மெழுகிட்ட துணியில் வானம் தீட்டப்பெற்றுள்ளது. மேடம் முதலாக ஞாயிறு இயங்கும் வீதியும் திங்களைப் பிரியாத உரோகிணியும் அதில் உள்ளன. பண்டைத் தமிழரின் வானியல் அறிவுக்குச் சான்றாக இப்பகுதியைக் காட்டுவது வழக்கம். அது தவறன்று, ஆயின் பாட்டினுள் இதன் பணி வேறு.

புலவர் பார்வையைக் கீழிருந்தே உயர்த்துகிறார். முதலில் கட்டில்: போரில் பட்ட நாற்பது அகவை யானையின் தந்தத்தால் அமைந்தது. அதன்மேல் அன்னத்தூவி மெத்தை. அங்கே அணிகலன் களைந்த அரசி. செவிலியர் கூறும் ஆறுதல் அவளைத் தேற்றவில்லை. அவள் அண்ணாந்து உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறியும்போது அறை வானளவு விரிகிறது.

ஆயினும் அவ்வானம் துணியே. வெளியே கார்முகில் மூடிய கூதிர்க்காலம். பொழுதறியாத மகளிர், தட்டிலிட்ட அரும்பு மலர்வதைக் கண்டே மாலை வந்ததென உணர்ந்து விளக்கேற்றுவதை இப்பாட்டே முன்னர்க் கூறியுள்ளது. மெய்யான உரோகிணியைக் காண வழியற்ற இரவில் தீட்டிய உரோகிணி ஒன்றே அவளுக்கு எஞ்சுகிறது. மேற்கட்டியைப் பிரிவின் உவமையாக மட்டும் கொள்ளும் உரை இம்முகிலை மறந்துவிடுகிறது.

அவ்வானத்திலும் பாட்டு நிற்பதில்லை. அடுத்துப் பாசறை; வாடையில் அலையும் விளக்குச்சுடர், சேற்றுத் தெருவில் மழைத்துளியை உதறும் குதிரைகள், நள்ளிரவிலும் துயிலாது புண்பட்ட வீரரைக் காணும் அரசன். அவன் தலைக்கு மேலும் விண்மீன் இல்லை.