‘தந்தையே’ என்றால் யார் சிரிப்பார்?

இந்தியாவில் வந்த பழைய மாருதி கார் விளம்பரம் ஒன்று. சீக்கியப் பொடியன் ஒருவன் பொம்மைக் காரை வீடெல்லாம் ஓட்டித் திரிகிறான், நிறுத்துவதாயில்லை. கடைசியில் அப்பாவிடம் பஞ்சாபியில் சொல்வான்: “கீ கராம் பாப்பாஜீ, பெட்ரோல் கத்தம் ஹீ நஹீ ஹுந்தா.”

சொல்லுக்குச் சொல் போட்டால், “என்ன செய்வேன் தந்தையே, எரிபொருள் தீர்வதே இல்லை.” பொருள் சரி, ஆனால் பொடியன் போய் வானொலி அறிவிப்பாளர் வந்துவிட்டார்!

சிரிப்பு இருப்பது ‘பெட்ரோல்’ என்ற சொல்லில் இல்லை. பிழை தன்னுடையதல்ல, காருடையது என்று பிள்ளை அப்பாவியாகச் சாட்டுச் சொல்வதில்தான் இருக்கு. எனவே முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தக் குரலை. திருகோணமலைப் பிள்ளை இப்படிச் சொல்லும்: “நான் என்னப்பா செய்யிற, பெற்றோல் முடியுதே இல்லையே!” ‘ஹீ’ தருகிற அழுத்தத்தை நம்ம ‘ஏ’ தாங்கிக்கொள்ளும். ‘ஜீ’யை விட்டுவிடலாம், வைத்தால் எங்கட காதுக்கு அது ஹிந்திப் படக் கிண்டலாகிவிடும்.

ஆனால் இதுக்கும் எல்லை உண்டு. 2022இல் சீனக்குடாவின் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இதே ஊரில் சனம் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. அந்த வரிசைக்கு முன்னால் இந்த வரியை ஒட்டியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அப்போது சொல்லை மாற்றிப் பலனில்லை. பகிடியையே வேற தேட வேணும்.