வேலைக்கு எடுக்கப்போவது யார்? கம்பெனி பக்கத்திலேயே இருக்கு க்ளூ!

வேலைக்கு அப்ளை செய்பவர்களில் பலர் கவர் லெட்டரை 'டியர் ஹெச்.ஆர்.' என்று தொடங்குகிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு யாரை எடுப்பது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் ஹெச்.ஆர். கிடையாது. எந்த டீமில் இடம் காலியோ, அந்த டீமை நடத்துபவர்தான் ஹயரிங் மேனேஜர். அவர் யார் என்பதை, கம்பெனியே பொதுவில் வைத்திருக்கும் பக்கங்களைப் படித்து ஓரளவு யூகிக்கலாம்.

இதைப் பழகிப் பார்க்க நல்ல இடம் கிட்லேப். ஆபீஸே இல்லாமல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனி இது. தன் உள் நடைமுறைகளில் பெரும்பகுதியை handbook.gitlab.com தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருக்கிறது.

அங்கே ஒரு பேக்எண்ட் இன்ஜினீயர் வேலை, தலைப்பில் 'Verify: Pipeline Execution' என்ற சொற்களோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சொல் ஸ்டேஜ், அடுத்தது அதற்குள் இருக்கும் குரூப். நமக்கு வேண்டியது குரூப்தான். ஹேண்ட்புக்கில் எல்லா ஸ்டேஜ்களையும் குரூப்களையும் அடுக்கியிருக்கும் ஒரு பக்கம் உண்டு. குரூப்பின் பெயரைத் தேடினால் ஒருவர் அல்ல, நாலைந்து பேர் வருவார்கள்: ப்ராடக்ட் மேனேஜர், இன்ஜினீயரிங் மேனேஜர், டிசைனர் என்று.

பலரும் சறுக்குவது இங்கேதான். பட்டியலில் முதலில் தெரியும் ப்ராடக்ட் மேனேஜரைப் பிடித்துக்கொள்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வது அவர் வேலை. இன்ஜினீயர்கள் ரிப்போர்ட் செய்வது இன்ஜினீயரிங் மேனேஜரிடம். இன்னும் சிலர் நேராக வைஸ் பிரெசிடென்டுக்கே மெசேஜ் தட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு மேலே இருப்பவருக்கு இந்த ஒரு காலியிடம் இருப்பதே தெரியாமல் போகலாம். பெரிய பதவியைத் தேடாமல், அந்த நாற்காலிக்கு ஒரே ஒரு படி மேலே இருப்பவரைத் தேடுவதுதான் சரி.

பெயர் கிடைத்ததும் நம்பிவிடக் கூடாது. டீம் பக்கங்கள் பழசாகிப் போயிருக்கும். மேனேஜர்கள் டீம் மாறுவார்கள். பக்கத்தின் கீழே கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்க்க வேண்டும். அடுத்து, வேலை விளம்பரங்களுக்கே திரும்பிப் போக வேண்டும். அதே குரூப்புக்கு இன்ஜினீயரிங் மேனேஜர் வேலையும் காலியாக இருந்தால், அந்த நாற்காலியில் இப்போது ஆளே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இன்டர்வியூ எடுக்கப்போவது அதற்கும் ஒரு படி மேலே இருப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையில் இந்தத் தேடலில் பெயரைவிடப் பெரிய லாபம் வேறு. கிட்லேப் தன் வேலைத் திட்டங்களையும் பெரும்பாலும் பொதுவில்தான் பேசுகிறது. `group::pipeline execution` என்ற லேபிளில் தேடினால் அந்த டீம் இப்போது எந்தப் பிரச்னையோடு மல்லுக்கட்டுகிறது என்பது தெரியும். அதைப் படித்துவிட்டு, தான் செய்த அதே மாதிரி வேலையைப் பற்றி நாலு வரி எழுதுபவரின் லெட்டரை, பெயரை மட்டும் சரியாகப் போட்ட லெட்டரோடு ஒப்பிடவே முடியாது.

எல்லா கம்பெனியும் இவ்வளவு திறந்து வைக்காது என்பது நிஜம். மற்ற இடங்களில் விளம்பரத்தில் 'ரிப்போர்ட்ஸ் டு' என்று வரும் வரிதான் முதல் ஆதாரம். அதிலுள்ள பதவி, டீம், ஊர் மூன்றையும் கம்பெனியின் லிங்க்ட்இன் பக்கத்தில் பீப்புள் பகுதியில் போட்டுத் தேடலாம். சில விளம்பரங்களில் 'Meet the hiring team' என்று ஒருவரின் படம் வரும். அது பெரும்பாலும் விளம்பரத்தைப் போட்ட ரெக்ரூட்டர். மேனேஜர் என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஒரே பதவியில் பத்துப் பேர் இருக்கும் பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் இந்த வேலை ஏறக்குறைய பலிக்காது. எந்த ப்ராஜெக்ட் என்பதே ஆளை எடுத்த பிறகுதான் பல நேரம் முடிவாகும்.

யூகம் பாதிதான் உறுதி என்றால் லெட்டரில் பெயரே வேண்டாம். 'பைப்லைன் எக்ஸிக்யூஷன் டீமுக்கு' என்று எழுதினால் போதும். தப்பான ஆளின் பெயரைவிட அது ஆயிரம் மடங்கு மேல். அதேபோல, தேடல் வேலை சம்பந்தப்பட்ட பக்கங்களோடு நிற்க வேண்டும். மேனேஜரின் சொந்த நம்பரையோ இன்ஸ்டாகிராமையோ தோண்டி எடுத்து ஹாய் சொல்வது தொல்லை. அப்ளை செய்த பிறகு லிங்க்ட்இனில் மூன்று வரியில் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பலாம். பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும்.

ரெக்ரூட்டரிடமிருந்து முதல் கால் வந்துவிட்டால் யூகமே தேவையில்லை. "இந்த ரோல் யாருக்கு ரிப்போர்ட் பண்ணும்? அவங்க எந்த ரவுண்டுல வருவாங்க?" என்று நேராகவே கேட்டுவிடலாம். கேட்கிற கேள்விதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.