'பொருந்தும்' டயர்

புக்கிட் தெங்காவில் போன வாரம் டயர் மாற்றப் போனேன். காரில் இருந்தது 185/55 R15 82V. கடைக்காரர் மலிவாக 175/50 R15 75H ஒன்றை உருட்டி வந்து, "அதே 15 அங்குல ரிம்தான் அண்ணே, பொருந்தும்" என்றார்.

பொருந்தும்தான். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 விழுக்காடு. ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். மலிவு டயரில் அது 88தான். சக்கரம் சிறுத்துவிடுவதால், மீட்டர் 110 காட்டும்போது கார் 105-ல்தான் ஓடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என்னைத் தடுத்தது 75. அது கிலோ அல்ல, பாரக் குறியீடு. 82 என்றால், காற்று சரியாக இருக்கும்போது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 75 என்றால் 387 கிலோதான். பின்டயர் இரண்டிலும் சேர்த்து 176 கிலோ குறைகிறது! தீபாவளிக்குப் பின்னிருக்கையில் மூவரும், பூட் நிறையப் பையுமாக ஊருக்குப் புறப்பட்டால், பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். தாங்காத பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கலாம்.

கடைசி எழுத்து வேக வரம்பு: எச் 210, வி 240 கிலோமீட்டர். நமக்கு இரண்டுமே தாராளம்.

உங்கள் காருக்குரிய டயர் அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். நான் அதைக் காட்டியதும், கடைக்காரர் முனகிக்கொண்டே 82-ஐத் தேடப் போனார்.