சொந்தக்காரருக்குத்தான் முதலில் சீட்டு எழுத வேண்டும்

"சொந்தத்துக்குள்ள என்ன சீட்டு, கையெழுத்து?" யட்டியாந்தோட்டைத் தோட்டங்களில் கைமாத்து கொடுக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும். நாங்கள் இதை ஏற்கவில்லை.

காகிதத்தைக் கண்டு நம்மவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கங்காணி காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதிய "துண்டு"தான் அவரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றியது. 1921இல் அந்த முறை ஒழிந்தது. ஆனால் அந்தத் துண்டை எழுதியது கங்காணியும் துரையும். இன்று நாம் சொல்லும் சீட்டை கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், ஈ.பி.எப். காசில் மூன்று லட்சத்தை ஆட்டோ வாங்க தங்கச்சி மகனுக்குக் கொடுக்கிறார் என்று வைப்போம். டவுன் வங்கியில் கணக்குக்குக் கணக்கு அனுப்பிய சிலிப் இருக்கு, அது போதாதா? போதாது. காசு போனதை சிலிப் காட்டும், ஏன் போனது என்று காட்டாது. "பெரியம்மா சும்மா தந்தாங்க, பழைய பாக்கியத்தான் கட்டினாங்க" என்று நாளைக்குச் சொன்னால் என்ன செய்வது? அதனால் அனுப்பும்போதே குறிப்பில் "கடன்" என்று போடுங்க. சிலிப்பின் எழுத்து மங்கிவிடும், போட்டோ எடுத்து வையுங்க.

கூடவே ஒரு கடனுறுதிச் சீட்டு வேணும். தமிழிலேயே எழுதலாம்: "இன்னாரிடம் ரூபா 300,000 கடனாகப் பெற்றேன். முற்பணமாக எதுவும் கழிக்கப்படவில்லை. வருட வட்டி இல்லை. இந்தத் திகதியில் அவருக்குத் திருப்பிச் செலுத்துவேன்." பெயர், அடையாள அட்டை எண், எழுதிய திகதி, கையெழுத்து. கொடுத்த தொகை, முன்கூட்டியே கழித்தது, வட்டி வீதம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்வது 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம். இதை விட்டால் வழக்கு ஆட்டம் காணும். "ஆட்டோ ஓடி லாபம் வந்தா தருவேன்" என்று எழுதவும் கூடாது. நிபந்தனை வந்தால் அது கடனுறுதிச் சீட்டே அல்ல.

எழுத்தில்லாத கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், சீட்டு இருந்தால் ஆறு வருடம். சொந்தத்துக்குள்ள "இந்தத் தீபாவளி, அடுத்த தீபாவளி" என்று பொறுப்பதிலேயே மூன்று வருடம் ஓடிவிடும். நம்மவர்கள் காசை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சீட்டு வாங்குபவரையும் காக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதை அதன் பின்பக்கம் திகதியோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்க. கட்டி முடித்ததும் மூலச் சீட்டைக் கேட்டு வாங்குங்க. வெற்றுச் சீட்டில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீங்க, அது பெரியம்மாவாக இருந்தாலும் சரி.

சொந்தம் முறிவது சீட்டாலா? தொகையை இவர் ஒன்றும் அவர் ஒன்றுமாகச் சொல்வதால்தான். அந்தச் சண்டையை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகும் நாளில் கையில் ஒரு தாளாவது இருக்கட்டும்.