கண்ணில் பட்டவருக்கே நல்ல வேலையா?

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு நிறுவனத்தின் தரவுப் பிரிவில் 12 வார வேலைப்பயிற்சி செய்தேன். பயிற்சி முடிந்தபோது எனக்குக் கிடைத்த மதிப்பீட்டில், “முக்கியப் பொறுப்புகளைத் துணிந்து ஏற்றவர்” என்று எழுதியிருந்தார்கள். என்னுடன் சேர்ந்து பயிற்சி பெற்ற தோழிக்குக் கிடைத்தது, “நம்பகமானவர், கவனமானவர்” என்ற வரி. படித்ததும் மகிழ்ச்சிதான் வந்தது. சிறிது நேரத்தில் அது கூச்சமாக மாறியது. ஏனென்றால் எங்கள் இருவரில் வேலையில் கெட்டிக்காரி அவர்தான்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் அலுவலகம் வர வேண்டும். எந்த இரண்டு நாள் என்பது அவரவர் விருப்பம். நான் ஐந்து நாளும் போனேன். அதற்குக் காரணம் கடமையுணர்ச்சி அன்று. எங்கள் வீவக வீட்டில் நானும் தம்பியும் ஒரே அறையில் இருக்கிறோம். மடிக்கணினியை வைக்கச் சாப்பாட்டு மேசையை விட்டால் வேறு இடம் இல்லை. அலுவலகத்தில் குளிரூட்டியும் இரண்டு திரைகளும் இருந்தன.

தோழி திங்களும் புதனும் மட்டும் வந்தார். அவருடைய பாட்டிக்குச் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதால், காலையில் பாட்டியைச் சிகிச்சை நிலையத்தில் விட்டுவிட்டு வீட்டிலிருந்து வேலை செய்வார். வெள்ளிக்கிழமையும் வீட்டில்தான். அவர் வேலை ஒருநாள்கூடத் தாமதமானதில்லை.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை மாலை. எங்கள் மேற்பார்வையாளர் நிர்வாகக் கூட்டம் முடிந்து வந்தவர், தமது இருக்கைக்குப் போகும் வழியில் என் மேசையருகே நின்றார். “வாடிக்கையாளர் புகார்களைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு விளக்கவுரை தர வேண்டும். உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

அந்த விளக்கவுரைக்கான எண்களில் ஒரே புகார் இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தவர் தோழி. அதைச் சரிசெய்து தந்தவரும் அவரே. ஆனால், அறையில் எழுந்து நின்று பேசியவன் நான். மேலதிகாரிகளுக்கு என் பெயர் தெரிந்தது. அடுத்து அதே தொடர்பில் இன்னொரு வேலை வந்தபோது, “இவருக்குத்தான் அது பற்றித் தெரியும்” என்று என்னிடமே வந்தது. முதல் வேலை கிடைத்தது தற்செயல். இரண்டாவது வேலைக்குள் அந்தத் தற்செயல் தகுதியாகிவிட்டது. தோழிக்கோ தரவைச் சுத்தம் செய்யும் வேலைகளே தொடர்ந்து வந்தன.

மதிப்பீட்டைப் படித்த அன்று குழுவின் பணிப்பட்டியலைத் திறந்து தேதிகளைப் பார்த்தேன். குழுவுக்கு வெளியே உள்ளவர்களிடம் விளக்கிப் பேசும் வாய்ப்புள்ள வேலைகள் அந்த 12 வாரத்தில் ஆறு. அவற்றில் ஐந்து செவ்வாய்க்கிழமை மாலை பதிவாகியிருந்தன. நிர்வாகக் கூட்டம் நடப்பது அன்றுதான். புதிய வேலையோடு திரும்பி வரும் மேற்பார்வையாளர், அந்த நேரத்தில் கண்ணில் படுபவரிடம் அதைக் கொடுத்துவிடுகிறார். தோழியைச் செவ்வாய்க்கிழமை அங்கே யாரும் பார்த்ததே இல்லை.

இதைத்தான் ‘அருகாமைச் சார்பு’ என்கிறார்கள். யாரும் யாரையும் ஒதுக்க நினைப்பதில்லை என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். இது மதிப்பீட்டின்போது நடப்பது என்று பலரும் எண்ணுகிறோம். என் அனுபவத்தில் இது நடப்பது அதற்குப் பல வாரங்களுக்கு முன்பு, வேலை கைமாறும் அந்த ஒரு நிமிடத்தில். மதிப்பீடு எழுதும்போது மேற்பார்வையாளர் நேர்மையாகவே எழுதினார். முக்கியப் பொறுப்புகளை ஏற்றவன் நான்தானே!

இது எங்கள் குழுவின் கதை மட்டுமன்று. ஷாங்ஹாயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம், 2010ஆம் ஆண்டின் இறுதியில் அழைப்பு நிலைய ஊழியர்களிடம் ஒரு சோதனையைத் தொடங்கியது. விருப்பம் தெரிவித்தவர்களில் பிறந்த தேதி இரட்டை எண்ணாக உள்ளவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். மற்றவர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். ஒன்பது மாதங்களில் வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. ஆனால், அந்தச் செயல்திறனைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது.

அதே நிறுவனம், டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, 2021ல் 1,612 ஊழியர்களிடம் இன்னொரு சோதனை நடத்தியது. இம்முறை ஒரு பிரிவினருக்குப் புதன், வெள்ளி ஆகிய இரண்டு நாள் மட்டுமே வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி. மற்ற மூன்று நாளும் எல்லாரும் அலுவலகத்தில். ஈராண்டுப் பதவி உயர்வுகளை ஒப்பிட்டபோது இரு பிரிவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு சோதனைகளிலும் வேலையின் தன்மை வேறு, வீட்டிலிருந்த நாள்களும் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. எனினும், எல்லாரும் ஒன்றாக இருக்கும் நாள்கள் உறுதியாக இருந்தால் அருகாமையின் ஆதாயம் சுருங்குகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் குழுவில் அப்படி ஒரு நாள்கூட இல்லை.

“அப்படியானால் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. அனுபவசாலிகளின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் நிறையக் கற்றேன். ஆனால், பக்கத்தில் இருப்பவர் கற்றுக்கொள்வது வேறு. பக்கத்தில் இருந்ததற்காகவே நல்ல வேலையைப் பெறுவது வேறு. சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. கோரிக்கைக்கு முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும். தோழியைப் போன்றவர்கள் கேட்க அது வழிசெய்கிறது. அனுமதி கிடைத்த பிறகு செவ்வாய்க்கிழமை மாலை என்ன நடக்கிறது என்பது அந்தந்தக் குழுவின் கையில்தான் இருக்கிறது.

கடைசி வாரத்தில் பட்டியலை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்தவர், “நீங்கள் அங்கே இருந்தீர்கள், அவ்வளவுதான்” என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். இனி கூட்டத்தில் கிடைக்கும் வேலைகளை அன்று மாலையே குழுவின் உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டு, மறுநாள் நண்பகல்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார். விருப்பமுள்ளவர்கள் அதற்குள் கேட்கலாம். இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய அவசர வேலைக்கு இது பொருந்தாது. ஆனால், அந்த ஐந்து வேலைகளில் எதுவும் அப்படிப்பட்ட அவசரமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வாரமாவது தவணை இருந்தது.

வேலைப்பயிற்சிக்குப் போகும் நண்பர்களே, முதல் வாரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் குழுவில் புதிய வேலை எந்த நாளில், எந்த வழியாக வருகிறது? எழுத்தில் வருகிறதா, நடைபாதையில் வருகிறதா? நீங்கள் வீட்டிலிருப்பவர் என்றால் அந்த நேரத்தைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். என்னைப் போல் அங்கேயே இருப்பவர் என்றால், வேலையை வாங்கிக்கொள்ளும் முன், “இதை மற்றவர்களிடமும் கேட்டுவிட்டீர்களா?” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் ஐந்து முறை அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

பட்டியலைத் தோழியிடமும் காட்டினேன். “எல்லாம் செவ்வாய்க்கிழமையா?” என்று சிரித்தார். “அப்போ பாட்டியோட டயாலிசிஸ் நாளை மாத்தச் சொல்லவா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.