மாசக் கடைசி இருப்பு யாருக்கு வேணும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானாக வந்து விழுகிற கேஷ் ரிப்போர்ட்டின் முதல் வரியில் "அடுத்த மாசக் கடைசியில் இருப்பு இவ்வளவு" என்று போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இங்கே தோஹாவில் எனக்கு வேலையே இதுதான்: கம்பெனிக்கு அடுத்த மாசம் எத்தனை பணம் வரும், எத்தனை போகும் என்று பார்த்துச் சொல்வது. கோடிக்கணக்கில் புரள்கிற கம்பெனியானாலும் சரி, காஞ்சிரங்குளத்தில் என் பெரியம்மா மகன் நடத்துகிற பெயிண்ட், பைப் கடையானாலும் சரி, ஒருத்தரை விழத் தட்டுவது மாசக் கடைசி இல்லை. மாசத்துக்கு நடுவில் ஏதோ ஒரு நாள்தான்.

எந்த நாள்? அதைச் சொல்லாத ரிப்போர்ட் எதுக்கு?

அண்ணன் கடையையே எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளி, செப்டம்பர் 5, திருவோணம். கரண்ட் அக்கவுண்டில் அன்று 6 லட்சத்து 40 ஆயிரம் இருந்தது. "லேய் மக்கா, இந்த வருஷம் ஓணத்துக்குக் கவலை இல்லை" என்று போனில் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பைப் சப்ளையருக்குக் கொடுத்து இன்னும் பாஸாகாத செக் ஒன்று 1 லட்சத்து 85 ஆயிரத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. பாங்க் காட்டும் இருப்பு வேறு, நம் கையில் உள்ள பணம் வேறு. அதைக் கழித்தால் 4 லட்சத்து 55 ஆயிரம். கணக்கு இங்கேதான் தொடங்க வேண்டும்.

இனி தேதி தேதியாகப் போவோம். செப்டம்பர் 3க்குள் ஆறு பேருக்குச் சம்பளமும் ஓணம் போனஸும் 2 லட்சத்து 10 ஆயிரம். அதற்குள் கல்லாவிலிருந்து பாங்கில் கட்டுவது 50 ஆயிரம் (ஓணத்துக்கு வெள்ளையடிக்கிறவர்கள் எல்லாம் ஆகஸ்டிலேயே வாங்கி முடித்திருப்பார்கள்). மீதி 2 லட்சத்து 95 ஆயிரம். 5ஆம் தேதி கடன் தவணை 78 ஆயிரம். "அன்றைக்குத் திருவோணம், பாங்க் லீவு, அப்புறம்தான் எடுப்பான்" என்றார் அண்ணன். அது பழைய கதை. 2021 ஆகஸ்ட் 1 முதல் தவணைகளைத் தானாகப் பிடிக்கிற நாச் முறை ஞாயிறும் விடுமுறையும் பார்ப்பதில்லை. ஆக 2 லட்சத்து 17 ஆயிரம். 8ஆம் தேதி திங்கள், பெயிண்ட் டீலருக்கு பின்தேதியிட்டுக் கொடுத்த செக் 3 லட்சத்து 20 ஆயிரம்.

1 லட்சத்து 3 ஆயிரம் குறைகிறது. ஓணம் முடிந்து கடை திறக்கிற நேரத்தில் செக் திரும்பும்.

அப்படியே மாசக் கடைசிவரை போனால் என்ன வருகிறது தெரியுமா? வாடகை, 15ஆம் தேதி முன்கூட்டிய வருமான வரி, 20ஆம் தேதி ஜிஎஸ்டி, 24ஆம் தேதி இன்னொரு சப்ளையர், எல்லாம் போனபிறகும் 3 லட்சத்து 75 ஆயிரம் மீதி! மாசக் கடைசியை மட்டும் பார்க்கிறவன் நிம்மதியாகப் பாயாசம் குடித்துக்கொண்டிருப்பான்.

இதிலே ஒரு நுணுக்கம் உண்டு. நெய்யாற்றிங்கரைப் பக்கத்து கான்ட்ராக்டர் ஒருத்தர் 5 லட்சத்து 60 ஆயிரம் தர வேண்டும். பில்லில் கெடு செப்டம்பர் 5. அந்தத் தேதியையே ஷீட்டில் போட்டால் 8ஆம் தேதிப் பள்ளம் காணாமலே போய்விடும். மாசத்திலேயே குறைந்த இருப்பு 3ஆம் தேதியின் 2 லட்சத்து 95 ஆயிரம்தான் என்று ஷீட் சத்தியம் பண்ணும். ஆனால் அந்த ஆளின் பழைய பில்களை எடுத்துப் பார்த்தால், கெடு தாண்டி இரண்டரை வாரம் கழித்துத்தான் பணம் வந்திருக்கிறது. நல்ல மனுஷன், ஏமாற்றுகிறவர் இல்லை. அவருக்கு வர வேண்டியது வந்தால்தான் இங்கே தருவார். அதனால் ஷீட்டில் 22ஆம் தேதி என்று போட்டோம். கொடுக்க வேண்டியதற்குப் பில் தேதியைப் போடு, வர வேண்டியதற்கு அந்த ஆளின் பழக்கத்தைப் போடு. இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிற ரிப்போர்ட்டுகளைப் பெரிய பெரிய கம்பெனிகளிலும் பார்த்திருக்கிறேன்.

பத்து நாள் முன்னாடி தெரிந்ததால் வேலை எளிது. சனிக்கிழமை காலையில் அண்ணன் டீலரிடம் போய், பழைய செக்கைத் திருப்பி வாங்கிவிட்டு 23ஆம் தேதிக்குப் புதிய செக் கொடுத்தார். அதன்பிறகு மாசத்திலேயே குறைந்த இருப்பு 5ஆம் தேதியின் 2 லட்சத்து 17 ஆயிரம். செக் திரும்பியிருந்தால் பாங்க் பிடிக்கும் கட்டணம் சின்ன விஷயம். டீலர் 138ஆம் பிரிவில் நோட்டீஸ் விட்டால் 15 நாளில் பணம் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அதைவிட, அடுத்த தடவை கடனுக்குச் சரக்கு இறங்காது. பூவாறிலிருந்து களியக்காவிளைவரை இந்த வியாபாரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

வெள்ளிக்கிழமையை நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதற்காகத்தான். இரண்டாம், நான்காம் சனி பாங்க் மூடியிருந்தாலும் டீலரும் கான்ட்ராக்டரும் போனை எடுப்பார்கள். பேச ஒரு நாள் கிடைக்கிறது, பாங்க் திறப்பதற்கு முன்னால். திங்கள் காலை வருகிற ரிப்போர்ட் பிரேதப் பரிசோதனை மாதிரி. (தோஹாவில் வெள்ளி லீவு என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன் :-)) 2025 அக்டோபர் 4 முதல் செக் போட்ட அன்றைக்கே பணம் போய்விடுகிறது. "நாளைக்குத்தானே பாஸாகும், சாயங்காலம் கட்டிவிடலாம்" என்ற பழைய ஒரு நாள் சலுகையும் போயிற்று.

தானாக அனுப்புவது பெரிய வித்தை இல்லை. கூகிள் ஷீட்டில் நாளுக்கு ஒரு வரி; கடைசிக் கட்டத்தில் அன்றைய இருப்பு. மெயிலின் முதல் வரிக்கு வேண்டியது `=MIN(F2:F32)`, பக்கத்திலேயே அது எந்தத் தேதி என்பது. வெள்ளிதோறும் ஓட வைக்க இந்த ஒரு கட்டளை போதும்:

```
ScriptApp.newTrigger("sendCash").timeBased()
  .onWeekDay(ScriptApp.WeekDay.FRIDAY)
  .atHour(18).create();
```

`sendCash` என்பது மெயில் அனுப்ப நீங்கள் எழுதிவைக்கும் ஃபங்ஷன். ஆறு மணி என்றால் ஆறிலிருந்து ஏழுக்குள் எப்போதாவது ஓடும். ஸ்கிரிப்டின் நேர மண்டலம் இந்தியாவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப்போல் வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதினால் இரண்டரை மணி நேரம் தள்ளிப் போகும்.

ஆனால் தானாக ஓடுகிறதில் ஒரு ஆபத்து. கடையில் பையன் அந்த வாரம் பாங்க் இருப்பைப் போட மறந்தாலும் மெயில் கரெக்டாக வந்துவிடும், போன வாரத்து இருப்போடு! பார்க்க அழகாக, நம்புகிற மாதிரியே இருக்கும். தொடக்க இருப்பு போன வெள்ளி இருந்த அதே ரூபாய் என்றால் சந்தேகப்படுங்கள். நடக்கிற கடையில் அது ஒருபோதும் அப்படி நிற்காது. அதனால் இருப்பு எந்தத் தேதியில் எடுத்தது என்பதை மெயிலிலேயே போட்டாக வேண்டும். அது இரண்டு நாளுக்கு மேல் பழசானால் கணக்கே போடாமல் "இருப்பு பழசு" என்று மட்டும் அனுப்பச் சொல்லி எழுதிவைக்கலாம். அண்ணன் கடை ஷீட் அப்படித்தான் செய்கிறது.

இன்னொரு வரியும் அதில் உண்டு. இந்த வெள்ளிக்கு இவ்வளவு இருக்கும் என்று போன வாரம் சொன்னது, உண்மையில் இருந்தது, இரண்டுக்கும் வித்தியாசம். முதல் இரண்டு மாசம் வித்தியாசம் எக்கச்சக்கமாக இருந்தது. தேடிப் பார்த்தால், முக்கால்வாசி அண்ணன் ஷீட்டில் எழுதாமல் விட்ட ஒரே சமாச்சாரம்: மாசா மாசம் கட்டுகிற சிட்டித் தவணை. வீட்டுக் கணக்கு என்று நினைத்து விட்டிருக்கிறார், பணம் போனது கடை அக்கவுண்டிலிருந்து.