டை பெட்டியில் இருக்கும் மணிக்கணக்கை மாற்றாதீர்கள்



முகூர்த்த மாதம் வந்தால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஹேர் டை பெட்டியின் படங்களும் வர ஆரம்பிக்கும். "இதில் என்ன போட்டிருக்கு, கொஞ்சம் தமிழில் சொல்லுங்க" என்று கேட்பார்கள். நம் பிள்ளைகளும் உடனே சொல்லிவிடுகிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தத் தாளில் நேரம் பற்றிய வரிகளைச் சுருக்கிச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

போன மாதம் திருமங்கலத்து மதினிக்கு லண்டனிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சனிக்கிழமை மாலை 5 மணிக்கு டை அடிப்பதாகத் திட்டம். 48 மணி நேரத்துக்கு முன் தோலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. படத்தைப் பார்த்த பிள்ளை, "ரெண்டு நாளைக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணும் அத்தை" என்று எழுதியது. மதினி வெள்ளி ஒன்று, சனி இரண்டு என்று எண்ணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தடவினால் போதும் என்று இருந்தார். நம் ஊர் வழக்கில் நாளை அப்படித்தான் எண்ணுவோம். ஆனால் வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை 24 மணி நேரம்தான். சரியான கணக்கு வியாழக்கிழமை மாலை 5 மணி. பெட்டியில் மணி நேரம் என்று இருந்தால் தமிழிலும் மணி நேரமாகவே எழுதி, கிழமையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்கலாம். கறுப்பு டையில் பெரும்பாலும் பி.பி.டி. என்கிற பாரா-பினைலீன்டையமீன் இருக்கும். அதன் ஒவ்வாமை பெரும்பாலும் தடவியவுடன் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பு, சிவப்பு, வீக்கம், கொப்புளம் என்று வரும். அரை மணி நேரம் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்பது சோதனை ஆகாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சோதனையில் இரண்டு நேரங்கள் இருக்கும். மருந்து தோலில் இருக்க வேண்டிய நேரம் ஒன்று, பொறுத்திருந்து பார்க்க வேண்டிய நேரம் ஒன்று. சில பெட்டிகளில் 45 நிமிடத்தில் கழுவிவிட்டு 48 மணி நேரம் கவனிக்கச் சொல்வார்கள். சிலவற்றில் 48 மணி நேரமும் கழுவக் கூடாது. நம் நாட்டு அழகுசாதன விதிகள் சொல்லும் முறை வேறு: காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சுத்தம் செய்து, பயன்படுத்தும் பதத்தில் கலந்த டையைக் கொஞ்சம் தடவிக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துச் சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவிப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டியின் கணக்கை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. எத்தனை வருடம் அடித்துப் பழகியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஒவ்வாமை புதிதாகவும் வரலாம்.

அடுத்தது அலசுவது. வெளிநாட்டுப் பெட்டிகளில் இரண்டு வரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கண்ணில் பட்டால் உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்பது ஒன்று. டை அடித்து முடித்த பிறகு முடியை நன்றாக அலச வேண்டும் என்பது மற்றொன்று. 'உடனே' கண்ணுக்கு, 'நன்றாக' முடிக்கு. இரண்டையும் சேர்த்து "அப்புறம் நல்லா கழுவிடுங்க" என்று எழுதினால் கண்ணுக்கான எச்சரிக்கை காணாமல் போய்விடும். புருவத்துக்கும் இமைக்கும் தடவவே கூடாது, பார்வை போகலாம் என்ற வரியையும் விடக் கூடாது.

படம் அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அட்டையின் வெளிப்புறத்தில் பல நேரம் "உள்ளே உள்ள குறிப்பின்படி சோதிக்கவும்" என்று மட்டும் இருக்கும். மணிக்கணக்கு உள்ளே மடித்து வைத்த தாளில்தான் இருக்கும். அந்தத் தாளை விரித்து, இரண்டு பக்கமும் வெளிச்சம் அடிக்காமல் எடுத்து அனுப்புங்கள். மடிப்பில் 48 என்பது 4 என்று தெரிந்தால் ஊகிக்காதீர்கள், மறுபடி படம் கேளுங்கள்.

அந்த விதிகள், இந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் இருக்க வேண்டும் என்கின்றன. மதுரையில் விற்கும் பெட்டிக்கு உள்ளூர் மொழி தமிழ்தான். படிக்க முடிகிற அளவு எழுத்தில் தமிழ் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

சோதித்த இடத்தில் அரிப்போ சிவப்போ வந்தால் அந்த டை உங்களுக்கு வேண்டாம். முகமோ கண்ணோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கல்யாணத்தில் நரையோடு நிற்பதில் ஒரு குறையும் இல்லை.